ஒப்பந்தம் பாதியில் முறிந்தால், செய்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: ஐயா, நான் அரியாங்குப்பத்தைச் சேர்ந்த கட்டட கான்ட்ராக்டர். கடலூர் செம்மண்டலத்தில் கீழே கடைகள், மேலே தங்கும் அறைகள் என்று 2,400 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய், மெட்டீரியலோடு பேசி எழுதிக்கொண்டோம். கீழ்த்தளத்துக்கு ரூஃப் போட்டு, சுவர் கட்டி, மேல்தளத்துக்கு பில்லர் ஏற்றி, சென்ட்ரிங் அடித்துக் கம்பியும் கட்டிவிட்டேன். ரூஃப் தவணையில் பாக்கி இருந்ததால் ஆட்களைக் குறைத்தேன். "இனி நீங்கள் வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் வேறு ஆட்கள் கான்கிரீட் போடப் போகிறார்களாம். இதுவரை 21.20 லட்சம் வாங்கியிருக்கிறேன். 65 சதவீத வேலை முடிந்தது, 13 லட்சம் வர வேண்டும் என்கிறேன். "முழுக் கட்டடத்துக்குத்தான் ரேட், பாதி வேலைக்கு ரேட்டே கிடையாது" என்கிறார் அவர். கட்டிய கம்பியைப் பிரித்து எடுத்துவிடலாமா? சட்டப்படி எனக்கு என்ன வழி?

பதில்: கம்பியில் கை வைக்காதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கான்கிரீட் விழுவதற்கு முன் அந்தக் கம்பியை அளந்து எழுதிவிட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, எத்தனை கிலோ என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பிறகு உங்கள் வாய்ச்சொல்லும் ஓனரின் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும். இந்த மாதிரி வழக்குகளில் கான்ட்ராக்டர்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தில் இல்லை, அளவில்தான். ஆகவே அளவை முதலில் சொல்லிவிட்டுச் சட்டத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கே ஓனருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன நேரத்தில் கூட்டு அளவு எடுக்க வருகிறேன், நீங்களோ உங்கள் இன்ஜினியரோ உடன் இருங்கள், அதுவரை மேல்தளத்தில் கான்கிரீட் போட வேண்டாம் என்பது அதில் இருக்கட்டும். ரெண்டு நாள் அவகாசம் கொடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அவர் வந்தால் நல்லது, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடலாம். வராவிட்டாலும் கூப்பிட்டும் வரவில்லை என்பது உங்கள் பக்கம் பதிவாகிவிடும்.

உரிமம் பெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போங்கள். உங்கள் சொந்த மேஸ்திரி எழுதிய கணக்கை நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும். இன்ஜினியர் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் மாதிரி நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை என்று ஒவ்வொரு ஐட்டமாக எழுதட்டும். கம்பிக்கு மட்டும் தனி அட்டவணை வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். உங்கள் மேல்தளம் 40 அடிக்கு 30 அடி. 30 அடி நீளத்தில் 10 எம்.எம். கம்பி 6 அங்குல இடைவெளியில் இருந்தால் 81 கம்பிகள், அதாவது 2,430 அடி, மீட்டரில் சுமார் 741. மீட்டருக்கு 0.617 கிலோ என்றால் 457 கிலோ. குறுக்குக் கம்பி, பீம், பில்லர், ரிங் எல்லாவற்றையும் இப்படியே தனித்தனியாகப் போட வேண்டும். இதைக் கம்பி வாங்கிய பில்லோடும் எடைமேடை ரசீதோடும் பொருத்திக் காட்டினால் எதிர்தரப்பு வழக்கறிஞருக்குக் குறுக்கு விசாரணையில் பிடி கிடைக்காது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் அதற்கு விளக்கத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். பில்லில் உள்ள கம்பியில் ஒரு பகுதி அஸ்திவாரத்துக்குப் போயிருக்கும், கொஞ்சம் வெட்டுத்துண்டாகப் போயிருக்கும்.

படம் எடுக்கும்போது டேப்பைக் கம்பி மேல் விரித்து வைத்து, இடைவெளி தெரியும்படி எடுங்கள். கம்பியின் மேற்பரப்பையும் கிட்டத்தில் எடுங்கள். கடற்கரை ஊரில் திறந்து கிடக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலம் தாண்டினால் "கம்பி துருவேறி வீணாய்ப் போயிருந்தது, நான் புதுசு போட்டேன்" என்று ஓனர் சொல்லலாம். நீங்கள் விட்டுவந்த நாளில் அது எப்படி இருந்தது என்பதற்குப் படம்தான் சாட்சி. படங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். பிறகு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்தப் போன் தேவை.

சைட்டுக்குள் விடமாட்டார்கள் என்றால் பூட்டை உடைத்தோ சுவர் ஏறியோ போகாதீர்கள். அத்துமீறல் புகார் வந்தால் உங்கள் பணம் பற்றிய பேச்சே பின்னுக்குப் போய்விடும். கம்பியைப் பிரித்தாலும் இதே ஆபத்துதான். அது கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது, இனி அதன் மதிப்பைத்தான் கேட்க முடியும். சென்ட்ரிங் ஷீட், முட்டு, கட்டாத செங்கல், பிரிக்காத சிமெண்ட் மூட்டை இவை உங்கள் பொருள்கள். அவற்றை எடுத்துப்போக அனுமதி கேட்டு அதே கடிதத்தில் பட்டியல் கொடுங்கள். அனுமதி தராமல் அவரே பயன்படுத்திக்கொண்டால் அவற்றின் விலையும் வாடகையும் உங்கள் கணக்கில் சேரும்.

இனி சட்டம். "பாதி வேலைக்கு ரேட் கிடையாது" என்ற வாதம் வெறும் மிரட்டல் அல்ல. ஒரே தொகைக்கு முழு வேலை என்று பேசிவிட்டு கான்ட்ராக்டர் தானாகவே போட்டுவிட்டுப் போனால், அந்த வாதம் செல்லும். 1898-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் வழக்கில் இதுதான் நடந்தது. பாதியில் விட்டுப்போன கான்ட்ராக்டருக்குக் கட்டிய பகுதிக்குப் பணம் கிடைக்கவில்லை. அவர் சைட்டில் விட்டுப்போன பொருள்களை ஓனர் எடுத்துப் பயன்படுத்தியதற்கு மட்டும் விலை கிடைத்தது. காரணம், தன் நிலத்தில் நிற்கும் பாதிக் கட்டடத்தை ஓனர் வேண்டாம் என்று திருப்பித் தர வழியில்லை. செங்கல் குவியலை அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும், ஆனால் எடுத்துக்கொண்டார். ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் நிற்கிறது: விட்டுப்போனது நீங்களா, வெளியேற்றியது அவரா?

ஓனரின் அந்த வாட்ஸ்அப் வரிதான் இதற்குப் பதில். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 53-ஆம் பிரிவின்படி ஒரு தரப்பு மற்றவரை வேலை செய்யவிடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். ஓனர் முழுவதுமாகக் கைவிரித்தால் முடித்துக்கொள்ளும் உரிமையை 39-ஆம் பிரிவும் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது, முடித்துக்கொண்டேன் என்று நீங்கள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸில் இந்த ஒரு வரி விட்டுப்போனால், "வேலை இன்னும் இருக்கிறது, அவர்தான் வரவில்லை" என்று கதை மாறும்.

ஆட்களைக் குறைத்ததை அவர் கட்டாயம் கிளப்புவார். அதற்குத்தான் தேதிக் கணக்கு. கீழ்த்தள ரூஃப் போட்ட தேதி, தவணை கேட்ட தேதி, அந்தத் தவணையில் அவர் 8 லட்சம் மட்டும் கொடுத்த தேதி, நீங்கள் ஆட்களைக் குறைத்த தேதி, அவர் வெளியேற்றிய தேதி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். பாக்கி முதலில் வந்து, ஆட்குறைப்பு பிறகு வந்தால் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். முன்னால் அவர் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது உங்கள் பங்கை வற்புறுத்த முடியாது என்பது 54-ஆம் பிரிவு. வரிசை மாறினால் உங்கள் வழக்கு பலவீனமாகும்.

செய்த வேலைக்கு உரிய மதிப்பைக் கேட்பதை வக்கீல்கள் குவாண்டம் மெரூயிட் என்பார்கள். நம் சட்டத்தில் அதற்கு முக்கிய ஆதாரம் 70-ஆம் பிரிவு. சட்டப்படியான ஒரு வேலையை இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் இன்னொருவருக்காகச் செய்து, அவர் அதன் பயனை அனுபவித்தால், அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஸ்டேட் ஆஃப் வெஸ்ட் பெங்கால் எதிர் பி.கே. மண்டல் வழக்கில் (1962) ஒப்பந்தம் முறைப்படி போடப்படாததால் செல்லாது என்றான பிறகும், அரசு கட்டடங்களை ஏற்றுப் பயன்படுத்தியதால் கான்ட்ராக்டருக்குப் பணம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே தீர்த்தது. உங்கள் ஓனர் நீங்கள் கட்டிய கம்பி மேலேயே கான்கிரீட் போடச் சொல்கிறார் என்றால், பயனை ஏற்றுக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். புதிய ஆட்கள் கான்கிரீட் போடும் நாளில் தெருவில் நின்றோ, பக்கத்து மாடிக்காரரின் அனுமதியோடு அவர் மாடியில் நின்றோ படம் எடுத்து வையுங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு, பலர் அதில்தான் சறுக்குகிறார்கள். ஒப்பந்தம் விலை சொல்லியிருக்கும் பகுதிக்கு 70-ஆம் பிரிவைப் பிடிக்க முடியாது. விலைவாசி ஏறியது, ரேட் கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்த விலையைத் தள்ளிவிட்டு "நியாய விலை" கேட்க இயலாது என்று அலோபி பர்ஷாத் வழக்கிலேயே (1960) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் ஆளும் விஷயத்தில் 70-ஆம் பிரிவுக்கு இடமில்லை என்று எம்.டி.என்.எல். எதிர் டாடா கம்யூனிகேஷன்ஸ் வழக்கிலும் (2019) மறுபடி உறுதி செய்தது. ஆகவே உங்கள் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே முடிந்து தவணை விழுந்துவிட்ட பகுதி ஒப்பந்தக் கடன். தவணை விழாமல் நடுவில் நிற்கும் பகுதிக்குத்தான் குவாண்டம் மெரூயிட்.

65 சதவீதக் கணக்கு நிற்காததும் இதனால்தான். "எத்தனை சதவீதம் முடிந்தது" என்பது கண்மதிப்பு. சதுர அடி ரேட்டுக்குள் டைல்ஸ், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், பெயிண்ட் எல்லாம் அடக்கம். அவற்றின் பங்கை யார் எப்படிப் பிரித்தது என்று நீதிபதி கேட்டால் பதில் இருக்காது.

நீங்கள் இணைத்த ஒப்பந்தத்தையும் பில்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 52,80,000. முன்பணம் 10 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 15, கீழ்த்தள ரூஃப் போட்டதும் 25, மேல்தள ரூஃப் 20, கட்டுவேலையும் பூச்சும் 15, ஃபினிஷிங் 15. நீங்கள் வாங்கியது முன்பணம் 5,28,000, பேஸ்மென்ட் தவணை 7,92,000, ரூஃப் தவணையில் 8,00,000. ரூஃப் தவணை 13,20,000. ஆகவே 5,20,000 ஒப்பந்தப்படியே பாக்கி. இந்தத் தொகைக்கு அளவும் வேண்டாம், ரேட்டும் வேண்டாம். ரூஃப் போட்டு முடிந்தது என்பதைக் காட்டினால் போதும். "அந்த ரூஃபுக்கு அவ்வளவு மதிப்பில்லை" என்று ஓனர் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது இருவரும் கையெழுத்துப் போட்ட விலை.

அடுத்து, தவணைக்கு நடுவில் நிற்கும் வேலை. கீழ்த்தளச் சுவர் 900 கன அடி, கன அடிக்கு 210 வீதம் 1,89,000. மேல்தள பில்லர் 14, ஒவ்வொன்றும் முக்கால் அடிக்கு ஓர் அடி, 10 அடி உயரம், மொத்தம் 105 கன அடி கான்கிரீட், 320 வீதம் 33,600. பில்லரிலும் மேல்தளத்திலும் சேர்த்துக் கம்பி 2,200 கிலோ, வெட்டி வளைத்துக் கட்டும் கூலியோடு 85 வீதம் 1,87,000. சென்ட்ரிங் பீம் பக்கங்களோடு 1,350 சதுர அடி, அடித்த கூலியும் வாடகையும் சேர்த்து 60 வீதம் 81,000. சைட்டில் கிடக்கும் சிமெண்ட் 60 மூட்டை, செங்கல் 4,000 சேர்ந்து 62,800. மொத்தம் 5,53,400. இந்த அளவுகள் நீங்கள் சொன்னவை, இன்ஜினியர் அளந்தபின் மாறலாம். செங்கலையும் சிமெண்டையும் நீங்களே எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள்.

இதிலிருந்து இரண்டு கழிவு. இரண்டு பில்லரில் கான்கிரீட் சரியாக இறங்காமல் பொத்தலாக இருப்பது உங்கள் படங்களிலேயே தெரிகிறது. அதைச் சரிசெய்யும் செலவு சுமார் 25,000 என்று நீங்களே கழித்துக் காட்டுங்கள். மறைத்தால் எதிர்தரப்பு இன்ஜினியர் அதை லட்சமாக்கிக் காட்டுவார். இரண்டாவது, முன்பணம். அந்த 5,28,000 முழுக் கட்டடத்துக்கும் கொடுத்தது. தவணைகள் மொத்தம் 90 சதவீதத்தில் நீங்கள் முடித்தது 40. ஆகவே முன்பணத்தில் ஒன்பதில் நான்கு பங்கு, 2,34,667, முடித்த தவணைகளுக்குச் சேர்ந்தது. மீதி 2,93,333 செய்யாத தவணைகளுக்கானது, அதை வரவு வைக்க வேண்டும். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்பவர் தான் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. நீங்கள் விட்டால் அவர் வழக்கறிஞர் எடுத்துக்கொள்வார்.

5,53,400-இல் 25,000 கழித்து, 2,93,333 கழித்தால் 2,35,067. இதோடு தவணைப் பாக்கி 5,20,000 சேர்ந்து 7,55,067. இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். முடித்த இரண்டு தவணைகளோடு முன்பணப் பங்கைச் சேர்த்தால் 23,46,667. கட்டி நிற்கும் மற்ற வேலை 4,90,600. கூட்டினால் 28,37,267, அதாவது மொத்த ஒப்பந்தத்தில் சுமார் 54 சதவீதம். இதில் பொத்தலுக்கு 25,000 கழித்து, பொருள் 62,800 கூட்டி, நீங்கள் வாங்கிய 21,20,000-ஐக் கழித்தால் அதே 7,55,067. உங்கள் 13 லட்சத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் இருக்கிறது.

ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எடுத்திருப்பது உங்கள் பில்களிலும் கூலிச் சீட்டுகளிலும் இருப்பது. நீதிமன்றத்தில் இதோடு அந்த ஆண்டின் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலையும் இன்ஜினியர் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். கடலூர் சைட்டுக்குத் தமிழ்நாட்டுப் பட்டியல்தான் பொருந்தும், புதுச்சேரிப் பட்டியலை வைக்காதீர்கள். மேல்தள ரூஃபுக்கு ஒப்பந்தத் தவணை 10,56,000. கான்கிரீட் போடாத அந்தத் தளத்துக்குக் கேட்கும் தொகை அதை நெருங்கினாலே நீதிபதிக்குச் சந்தேகம் வரும். உங்கள் பில்லர், கம்பி, சென்ட்ரிங் மூன்றும் சேர்ந்து 3,01,600தான், அதனால் அந்தக் கவலை இல்லை.

ஓனர்தான் முறித்தார் என்று நிரூபித்தால், செய்யாத வேலையில் வந்திருக்க வேண்டிய லாபத்தையும் 73-ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். மிச்ச வேலை சுமார் 24 லட்சம். பிரிஜ் பால் சிங் வழக்கில் (1984) 15 சதவீதமும், துவாரகா தாஸ் வழக்கில் (1999) 10 சதவீதமும் லாபமாக ஏற்கப்பட்டன. 10 என்றே வைத்தால் 2.4 லட்சம். இந்த லாபம் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டில்தான் வரும், குவாண்டம் மெரூயிட்டில் வராது. அதனால் வழக்குரையில் இழப்பீட்டை முதல் கோரிக்கையாகவும், மீறல் நிரூபணமாகாவிட்டால் 70-ஆம் பிரிவில் வேலையின் மதிப்பை மாற்றுக் கோரிக்கையாகவும் எழுதச் சொல்லுங்கள். மாற்றுக் கோரிக்கையை எழுதாமல் விட்டால், இழப்பீடு தள்ளுபடியானதும் கையில் ஒன்றும் இருக்காது. செய்த வேலைக்கே மதிப்பையும் லாபத்தையும் இரட்டையாகக் கேட்டாலும் கோரிக்கை மொத்தமும் நம்பிக்கை இழக்கும்.

வழக்குக்கு முன் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலும் ஆவணங்களிலும் பாருங்கள். நடுவர் மன்றம் என்று ஒரு ஷரத்து இருந்தால், ஒப்பந்தம் முறிந்தாலும் அந்த ஷரத்து முறியாது. நேரே வழக்குப் போட்டால் ஓனர் கேட்டுக்கொண்டதும் நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பிவிடும். அந்நிலையில் நடுவர் கோரும் நோட்டீஸும், அளவு எடுக்க நடுவர் சட்டம் 9-ஆம் பிரிவின் கீழ் மனுவும்தான் வழி. அடுத்து, மேல்தளத்துக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா? 70-ஆம் பிரிவு "சட்டப்படியான" வேலை என்கிறது. அனுமதி இல்லாத தளத்துக்கு ஓனர் இதை ஆயுதமாக எடுப்பார். மூன்றாவது முத்திரைத்தாள். குறைவான முத்திரையில் எழுதியிருந்தால் குறைபாட்டுக் கட்டணமும் அபராதமும் கட்டிய பிறகே ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

நடுவர் ஷரத்து இல்லையென்றால், இது கட்டுமான ஒப்பந்தத் தகராறு, கோரும் தொகையும் 3 லட்சத்துக்கு மேற்பட்டது என்பதால் இது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் வரும். அதன் 12-ஏ பிரிவின்படி வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுப் போடுவது கட்டாயம். உச்ச நீதிமன்றம் 2022-இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது, தவறினால் வழக்கே நிராகரிக்கப்படும். அவசர இடைக்கால நிவாரணம் வேண்டும் என்றால் மட்டும் நேரே போகலாம். ஓனர் அளவுக்கு ஒத்துழைக்காமல், உள்ளேயும் விடாமல் கான்கிரீட்டுக்கு நாள் குறித்தால் உங்களுக்கு அந்த அவசரம் மெய்யானது. அளவு முடியும்வரை கான்கிரீட் போட இடைக்காலத் தடையும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9-இன்படி இன்ஜினியரோடு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பவும் சேர்த்துக் கேட்கலாம். நீங்களே ஏற்கெனவே அளந்துவிட்டால் அந்த அவசரம் இல்லை, சமரசத்தில் தொடங்குங்கள். சமரசத்தில் செலவாகும் காலம் வழக்குப் போடுவதற்கான காலவரையறையில் சேராது.

வழக்கைக் கடலூரிலேயே போடுங்கள். ஓனரும் கட்டடமும் அங்கே. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் கோரும் தொகையில் 3 சதவீதம், 7,55,067-க்கு ஏறக்குறைய 22,650. வட்டி வேண்டுமென்றால் நோட்டீஸிலேயே தொகையையும், இன்ன தேதி முதல் வட்டி என்பதையும் எழுதியிருக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டம், ஒப்பந்தத்தில் வட்டியோ பணம் தரும் தேதியோ பேசாதபோது எழுத்து நோட்டீஸ் நாளைத்தான் தொடக்கமாகக் கொள்கிறது.

காலவரையறை மூன்று ஆண்டுகள். செய்த வேலையின் விலைக்கு, தொகை தரத் தேதி குறிக்காதபோது, வேலை செய்த நாளிலிருந்தே மூன்றாண்டுகள் ஓடத் தொடங்குகிறது, நோட்டீஸ் நாளிலிருந்து அல்ல. கீழ்த்தள ரூஃப் தவணைக்கு அது விழுந்த நாளிலிருந்து. ஆகவே இரண்டில் முந்தியதை எண்ணிக்கொண்டு தேதி குறித்து வையுங்கள். "பேசி முடிப்போம்" என்று ஓனர் வாயால் சொல்வது காலத்தை நீட்டாது. பாக்கி இருக்கிறது என்று அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் நீட்டும், அதுவும் மூன்றாண்டு முடிவதற்குள். இடையில் சிறு தொகை கொடுத்து ரசீது கேட்டால், "முழுத் தொகையும் பெற்றேன்" என்ற வரியில் கையெழுத்துப் போடாமல், "பாக்கிக் கணக்கில் இவ்வளவு" என்று எழுதியே போடுங்கள்.